ஆச்சி முகம் மொசைக்கில் தெரியவில்லை: ஒரு கட்டம் எத்தனை அங்குலம் வைக்கலாம்?

கல்லிடை மாரி

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் ஆச்சிக்கு 80 வயது நிறைகிறது. கல்லிடைக்குறிச்சியில் ஒரு மண்டபத்தில் சாப்பாடு வைத்திருக்கிறோம். வாசலில் 4 அடிக்கு 6 அடியில் ஆச்சி படம் ஒன்று நிற்க வேண்டும், கிட்டே போய்ப் பார்த்தால் அது முழுக்க எங்கள் குடும்பப் போட்டோக்களாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்தும், சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கியும் 640 போட்டோ சேர்த்துவிட்டேன்.

ஆண்ட்ரியாமொசைக் மென்பொருளில் போட்டு, ஒரு கட்டம் 2 அங்குலம் என்று வைத்து, சாதாரண பிளெக்ஸில் ஒரு முறை அடித்தும் பார்த்தாயிற்று. லேப்டாப்பில் பார்த்தபோது ஆச்சி அப்படியே இருந்தார்கள். கொண்டுவந்து தார்சாவில் மாட்டினால் வெறும் போட்டோக் குவியல்தான் தெரிகிறது. அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதில் முகம் எங்கே இருக்கு?" என்று கேட்டாள். தெருவுக்கு இறங்கிப் போய்த் திரும்பிப் பார்த்த சித்தப்பாதான் "ஆமா, அக்கா மாதிரி இருக்கு" என்றார். அவர் அப்பாவின் தம்பி இல்லை, ஆச்சியின் சின்னத் தம்பி, வயது கம்மி என்பதால் நாங்கள் சித்தப்பா என்றே கூப்பிடுவோம்.

கட்டத்தைச் சின்னதாக்கினால் சரியாகுமா? எவ்வளவு சின்னதாக்க வேண்டும்? மறுபடியும் அடித்துப் பார்த்து வீணாக்கக் கூடாது என்று பயமாக இருக்கிறது.

சமாதானபுரம் பிரிண்டர்

தம்பி, நான் 15 வருசமாக பிளெக்ஸ் ஓட்டுகிறேன். உங்களுக்கு ரெசல்யூஷன்தான் போதவில்லை. பைலை 72 டிபிஐயில் கொடுத்திருப்பீர்கள். 300 வைத்துக் கொடுங்கள், முகம் பளிச்சென்று வரும். கட்டத்தை மாற்றவே வேண்டாம்.

அம்பை கணேசன்

எங்கள் வீட்டுப் பூஜை அறையில் முருகர் படத்தை டைல்ஸில் போட்டோம். எட்டு டைல்ஸ் சேர்ந்து ஒரு படம். 12க்கு 18 வாங்கினோம், ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. ஒட்டும்போது வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், பின்பக்கம் நம்பர் இருக்கும்.

தென்காசி செல்வி

கணேசன் அண்ணாச்சி, நீங்கள் சொல்வது ஒரே படத்தை எட்டாக வெட்டி டைல்ஸில் ஏற்றியது. அதில் டைல்ஸ் எவ்வளவு பெரிதானாலும் முருகர் முகம் கெடாது. மாரி செய்வதில் ஒவ்வொரு கட்டமும் தனிப் போட்டோ. ஆச்சியின் கன்னத்துக்கு ஒரு கல்யாணப் போட்டோ, புருவத்துக்கு ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படம் என்று நிறம் பார்த்து அடுக்குவது.

பிரிண்டர் அண்ணாச்சி சொன்னது பாதி சரி. டிபிஐயைக் கூட்டினால் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருக்கிற சின்னப் போட்டோ தெளிவாகும். பெரிய முகம் தெளிவாகாது. 2 அங்குலக் கட்டத்தை 72இல் அடித்தாலும் 300இல் அடித்தாலும், ஆச்சி முகத்துக்கு அது ஒரு நிறம்தான். சொல்லப்போனால் சின்னப் போட்டோ துல்லியமாக வர வர, கண் அதையே பார்த்து நின்றுவிடும்.

மாரி தம்பி, ஒன்று எண்ணிச் சொல்லுங்கள். படத்தின் அகலத்தில் எத்தனை கட்டம் என்பது வேண்டாம். ஆச்சியின் ஒரு காதிலிருந்து மறு காது வரை எத்தனை கட்டம் வருகிறது?

கல்லிடை மாரி

எண்ணினேன் அக்கா. எட்டுதான் வருகிறது. மொத்தப் படம் 24க்கு 36, அதாவது 864 கட்டம். ஆனால் நான் எடுத்த போட்டோவில் ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், மடிவரை தெரிகிறது. அதனால் முகம் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான்.

தென்காசி செல்வி

கோளாறு அங்கேதான். ஒரு முகம் காதுக்குக் காது சுமாராக 15 செ.மீ. இருக்கும். எட்டுக் கட்டம் என்றால் ஒரு கட்டம் ஆச்சி முகத்தில் ஏறக்குறைய 2 செ.மீ. இடத்தைத் தின்கிறது. ஒரு கண்ணின் அகலம் 3 செ.மீ. ஆக, கண்ணுக்கு ஒன்றரைக் கட்டம். அந்த ஒன்றரைக் கட்டத்தில் இமை, கருவிழி, வெள்ளை எல்லாவற்றையும் எப்படிக் காட்டுவது? எல்லாம் கலந்து ஒரு மங்கல் நிறமாகிவிடும். கட்ட அளவை அங்குலத்தில் யோசிக்காதீர்கள். "இந்தக் கட்டம் ஆச்சி முகத்தில் எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேளுங்கள். முடிவு தானே வரும்.

லியோன் ஹார்மன் என்பவர் பெல் ஆய்வகத்தில் இருந்தபோது ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு கட்டங்களாக்கி 1973இல் வெளியிட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே சாம்பல் நிறம், வேறெதுவும் இல்லை. கிட்டத்தில் வெறும் சதுரங்கள். தள்ளிப் போனாலோ, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ லிங்கன். அவரும் பேலா யூலெஸ் என்பவரும் சேர்ந்து காரணத்தையும் காட்டினார்கள்: கட்டங்களின் கூர்மையான ஓரங்கள்தான் முகத்தை மறைக்கின்றன. அந்த ஓரத்தை மங்கலாக்கிவிட்டால், புதிதாக எந்தத் தகவலும் சேர்க்காமலேயே முகம் தெரிகிறது. அந்த லிங்கனை வைத்து சால்வடார் டாலி 1976இல் ஓர் ஓவியம் வரைந்தார். 20 மீட்டர் தள்ளி நின்றால் லிங்கனாகத் தெரியும் என்பது அந்த ஓவியத்தின் பெயரிலேயே இருக்கிறது.

முகத்தின் குறுக்கே 16 கட்டம் இருந்தால் தெரிந்த முகத்தை அடையாளம் காண வாய்ப்பு உண்டு. அது ஒரே நிறக் கட்டங்களுக்கு. நம் கட்டத்துக்குள் ஆள், மரம், ஜன்னல் என்று நூறு கோடுகள் இருக்கின்றன. அதனால் நான் பள்ளிக்கூடப் பிரிவு விழாக்களுக்குச் செய்யும்போது காதுக்குக் காது 30க்குக் கீழே போக மாட்டேன். 40 கிடைத்தால் நிம்மதி. இது என் கை அனுபவம், சூத்திரம் இல்லை.

முதலில் போட்டோவை மாற்றுங்கள். முகம் அகலத்தில் 60 சதவீதம் வருகிற மாதிரி வெட்டுங்கள். அதே 2 அங்குலக் கட்டத்திலேயே 8 என்பது 14 ஆகிவிடும். காசு செலவில்லாத பாதி வேலை அது.

கல்லிடை மாரி

லேப்டாப்பில் மட்டும் ஏன் நன்றாகத் தெரிந்தது அக்கா? அதே எட்டுக் கட்டம்தானே?

தென்காசி செல்வி

லேப்டாப்பில் முழுப் படமும் ஒரு 15 செ.மீ. உயரம் இருந்திருக்கும், நீங்கள் அரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பீர்கள். அடித்த படம் 6 அடி, அதாவது ஏறக்குறைய 180 செ.மீ. பன்னிரண்டு மடங்கு. அப்படியானால் லேப்டாப்பில் பார்த்தது, மாட்டிய படத்தை 6 மீட்டர் தள்ளி நின்று பார்த்ததற்குச் சமம். உங்கள் தார்சா எவ்வளவு நீளம்?

கல்லிடை மாரி

பத்தடி. 3 மீட்டர்தான். தெருவில் நின்றவருக்கு மட்டும் தெரிந்தது இப்போதுதான் விளங்குகிறது. மண்டப வாசலில் ஆட்கள் 2 மீட்டரில்கூட நிற்பார்கள்.

தென்காசி செல்வி

அப்படியானால் 2 மீட்டரில் தெரிகிறதா என்று லேப்டாப்பிலேயே பார்க்கலாம். படத்தின் மொத்த உயரம் 45 செ.மீ. ஆகிற அளவுக்குப் பெரிதாக்குங்கள். திரையில் முழுதாகக் கொள்ளாது. கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற மாதிரி நகர்த்தி வைத்து, அரை மீட்டரில் உட்கார்ந்து பாருங்கள். ஸ்கேல் வைத்தே அளக்கலாம்.

போட்டோக்களை அடுக்குவதற்கு முன்னாலேயே இன்னொரு சோதனை இருக்கிறது. வெட்டிய ஆச்சி படத்தை வெறும் நிறக் கட்டங்களாக்கிப் பாருங்கள். இமேஜ்மேஜிக் இருந்தால் ஒரு வரிதான்:

```
magick aachi.jpg -scale 48x72! -scale 960x1440! sothanai.png
```

முதல் `-scale` படத்தை 48க்கு 72 புள்ளியாகச் சுருக்குகிறது, இரண்டாவது அதே புள்ளிகளைச் சதுரமாக ஊதுகிறது. 4 அடி அகலத்துக்கு 48 என்றால் 1 அங்குலக் கட்டம். `64x96!` போட்டால் முக்கால் அங்குலம் (அதற்கு இரண்டாவதை `960x1440!` என்றே விடலாம்). இந்த நிறக் கட்டப் படத்திலேயே ஆச்சி தெரியவில்லை என்றால், எத்தனை ஆயிரம் போட்டோ வைத்தாலும் மொசைக்கில் தெரிய மாட்டார்கள். இதில் தெரிந்தால் போதுமா என்றால் போதாது. மொசைக் எப்போதும் இதைவிட ஒரு படி கீழேதான் வரும்.

பத்தமடை பாத்திமா

எங்கள் வீட்டில் பாய் நெய்கிறோம். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பேரை நெய்து தருவோம். சிலர் சாதாரணப் பாயிலேயே பேர் போடக் கேட்பார்கள். கோரை தடிமனாக இருக்கும்போது எழுத்தின் வளைவு படிப்படியாக உடைந்து தெரியும், "ண"வும் "ன"வும் ஒன்றுபோல ஆகிவிடும். அதே எழுத்தை அதே அளவில், மெல்லிசாகக் கிழித்த கோரையில் நெய்தால் சுழி சுழியாகத் தெரியும். தடிமன் கோரைதான் வேண்டும் என்றால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், பேரைச் சுருக்க வேண்டும். எங்கள் உம்மா, எழுத்தின் சுழிக்குள் குறைந்தது ஒரு கோரையாவது வேறு நிறத்தில் நுழைய இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். உங்கள் படத்திலும் கண்ணுக்குள் வெள்ளை நுழைய இடம் இருக்கிறதா என்று பார்க்கலாமே.

தென்காசி செல்வி

பாத்திமா, இதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது. கருவிழிக்கு இரண்டு பக்கமும் தனியாக ஒரு வெள்ளைக் கட்டம் விழ வேண்டும். மாரிக்குக் கணக்குப் போட அதுவே போதும்.

கல்லிடை மாரி

போட்டோவை வெட்டும்போது ஒரு சிக்கல். ஆச்சி பாம்படம் போட்டிருக்கிறார்கள். இந்தக் காலத்தில் எங்கள் தெருவில் அவர்கள் ஒருவர்தான். அது இல்லாமல் ஆச்சி இல்லை. முகத்தை இன்னும் பெரிதாக வெட்டினால் காதோடு பாம்படமும் போய்விடுகிறது. காதும் பாம்படமும் நிற்க வேண்டும் என்றால் 60 சதவீதம்தான் முடிகிறது.

நிறக் கட்டச் சோதனை செய்தேன். 1 அங்குலத்தில் காதுக்குக் காது 29 கட்டம். ஒரு கட்டம் முகத்தில் 5 மி.மீ. கண்ணுக்கு ஆறு கட்டம். ஆச்சி தெரிகிறார்கள், பாம்படம் மட்டும் ஒரு மஞ்சள் உருண்டையாக இருக்கிறது. முக்கால் அங்குலத்தில் 38 கட்டம், ஒரு கட்டம் 4 மி.மீ. இதில் பாம்படத்தின் அடுக்கு தெரிய ஆரம்பிக்கிறது. மூக்குத்தி சரியாக ஒரே ஒரு கட்டம்! அரை அங்குலத்தில் எல்லாமே தெரிகிறது. அப்படியானால் அரை அங்குலமே போட்டுவிடலாமா?

சமாதானபுரம் பிரிண்டர்

செல்வி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், முகத்துக்கும் டிபிஐக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அரை அங்குலத்துக்குப் போகாதீர்கள் தம்பி, இங்கே என் பேச்சைக் கேளுங்கள். அரை அங்குலம் என்றால் சின்ன விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. சாதாரண பிளெக்ஸில் துணி நெசவு தெரியும், மைப் புள்ளி தெரியும். அந்த அளவில் முகம் எதுவும் நிற்காது. சொந்தக்காரர்கள் கிட்டே வந்து தங்களைத் தேடுவார்கள், கிடைக்காது. அப்புறம் எதற்கு மொசைக்? ஆச்சி படத்தையே நேராக அடித்து மாட்டிவிடலாமே.

முக்கால் அங்குலம் போங்கள். பிளெக்ஸ் வேண்டாம், வினைல் ஸ்டிக்கர் அடித்து சன்போர்டில் ஒட்டி, மேலே மேட் லேமினேஷன். பளபள லேமினேஷன் போட்டால் மண்டப டியூப்லைட் முழுக்க அதில்தான் தெரியும். பைலை 150இல் கொடுத்தால் ஒரு கட்டத்துக்கு 112 புள்ளி கிடைக்கும். ஒரு ஆள் முகம் மட்டும் இருந்தால் தெளிவாகத் தெரியும். இருபது பேர் நிற்கிற குரூப் போட்டோவை அப்படியே ஒரு கட்டத்தில் போட்டால் இருபது புள்ளிதான்.

வள்ளியூர் ஜெபா

கட்டத்தைச் சின்னதாக்குவதற்கு முன் இன்னொன்றைப் பாருங்கள். நிறைய மென்பொருள் ஒரு போட்டோவின் சராசரி நிறத்தை மட்டும் வைத்துப் பொருத்தும். கட்டத்தை 3க்கு 3 என ஒன்பது துண்டாகப் பிரித்து, ஒன்பதையும் ஒப்பிட்டுப் பொருத்தினால், புருவம் வருகிற இடத்தில் "மேலே இருட்டு, கீழே வெளிச்சம்" என்று இருக்கிற போட்டோ தானாக வந்து உட்காரும். தாடையின் விளிம்புக்கு அதே சாய்வில் வெளிச்சம் உள்ள போட்டோ வரும். கட்டம் அதே அளவில் இருக்கும், முகம் மட்டும் கூர்மையாகும். நான் பைத்தானில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள்: நிறம் பூசாதீர்கள். எல்லாப் போட்டோ மீதும் ஆச்சி படத்தை மெல்லிசாகப் படர விடுகிற வசதி மென்பொருளில் இருக்கும். அதைப் போட்டால் எந்தப் போட்டோவை வைத்தாலும் முகம் வந்துவிடும். அது மொசைக் இல்லை என்பது என் கருத்து.

தென்காசி செல்வி

3க்கு 3 நல்ல வழி. ஆனால் அதற்குப் போட்டோ நிறைய வேண்டும் ஜெபா. 640ஐ வைத்துக்கொண்டு ஒன்பது துண்டும் பொருந்துகிற படம் தேடினால், ஒரே பத்துப் படம் திரும்பத் திரும்ப வந்து விழும். முக்கால் அங்குலத்துக்கு 64க்கு 96, மொத்தம் 6,144 கட்டம். ஒவ்வொரு போட்டோவும் சராசரியாகப் பத்து முறை வர வேண்டியிருக்கும். மாரி, ஒரே படம் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் கன்னத்தில் கோலம் போட்ட மாதிரி ஒரு வரிசை தெரியும். குறைந்தது ஐந்து கட்டம் தள்ளித்தான் திரும்ப வர வேண்டும் என்று அமைப்பில் வையுங்கள்.

போட்டோவைப் பெருக்க வழி இருக்கிறது. குரூப் போட்டோவைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு முகமும் ஒரு சதுரம். பிரிண்டர் அண்ணாச்சி சொன்ன பிரச்சினையும் அதிலேயே தீரும்.

நிறம் பூசுவதில் ஜெபாவோடு நான் ஒத்துப்போகவில்லை. 15, 20 சதவீதம் வரை பூசினால் யாருக்கும் தெரியாது, முகத்தின் நிழல் மட்டும் ஒட்டிக்கொள்ளும். 40க்கு மேல் போனால் சின்னப் போட்டோக்கள் சலவைக்குப் போட்டு வந்த மாதிரி வெளிறிவிடும், அப்போது ஜெபா சொல்வது சரி.

வள்ளியூர் ஜெபா

20 சதவீதமும் பூச்சுதான் அக்கா. இருட்டுப் போட்டோ போதாமல்தான் பூச்சு தேவைப்படுகிறது. போட்டோவைச் சேர்ப்பதுதான் முறை.

கல்லிடை மாரி

இருட்டு என்று சொன்னதும் பார்த்தேன். என்னிடம் இருப்பது பெரும்பாலும் கல்யாண வீட்டு பிளாஷ் போட்டோக்கள், வெளுத்துப் போன பழைய படங்கள். ஆச்சியின் கண், மூக்குத் துவாரம், கழுத்து நிழல் எல்லாம் சாம்பலாகவே நிற்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், முதல் தடவை ஒவ்வொரு போட்டோவைச் சுற்றியும் அழகுக்காக 2 மி.மீ. வெள்ளை ஓரம் விட்டிருந்தேன்.

தென்காசி செல்வி

ஐயோ, அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் தம்பி. 2 அங்குலக் கட்டத்தில் சுற்றிலும் 2 மி.மீ. என்றால் பரப்பில் 15 சதவீதம் வெள்ளை. நீங்கள் கன்னங்கரேலென்று ஒரு போட்டோவை வைத்தாலும் தூரத்தில் அது சாம்பலாகத்தான் தெரியும். கட்டத்தை 1 அங்குலமாக்கி அதே ஓரத்தை விட்டால் வெள்ளை 29 சதவீதம். முக்காலில் இன்னும் மோசம். அதோடு அந்த வெள்ளைக் கோடுகள் முகம் முழுக்கக் கம்பி வலை போட்ட மாதிரி நிற்கும். ஹார்மன் சொன்ன ஓரப் பிரச்சினையை நாமே பணம் கொடுத்து வாங்குகிறோம். ஓரத்தை மொத்தமாக எடுங்கள்.

இருட்டுப் படங்களுக்கு உங்கள் பக்கத்தில் பஞ்சமா? நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில் எடுத்தது, இரவுக் கொடை விழாவில் எடுத்தது, பாபநாசத்தில் வெயிலுக்கு எதிரே நின்று எடுத்தது என்று சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். நன்றாக வராத போட்டோ என்று ஒதுக்கியவைதான் இப்போது வேண்டும்.

கல்லிடை மாரி

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். குரூப் படங்களை வெட்டியதிலும், புதிதாகக் கேட்டு வாங்கியதிலும் 1,500 சதுரம் தாண்டிவிட்டது. அதில் இருட்டானவை மட்டும் 200க்கு மேல். பெரிய மாமா 1990களில் காணிக்காரன் ஊர்ப் பக்கம் மழையில் எடுத்த ஒரு ரோல் முழுக்கக் கொடுத்தார், எல்லாமே இருட்டு.

பிரிண்டர் அண்ணாச்சி சொன்ன வினைலில், கண்கள் வருகிற பகுதியை மட்டும் 2 அடிக்கு 1 அடித் துண்டாக இரண்டு விதத்தில் அடித்தேன். 1 அங்குலத்தில் ஒன்று, முக்காலில் ஒன்று. ஓரம் இல்லை, பூச்சு 15 சதவீதம். தார்சாவில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி 2 மீட்டரில் நின்றேன். 1 அங்குலத் துண்டில் கண்ணைச் சுருக்கினால்தான் கண் தெரிகிறது. முக்காலில் சும்மா பார்த்தாலே தெரிகிறது. அதே முக்கால் துண்டில் கிட்டே போனால் அத்தையின் முகத்தையும் அடையாளம் தெரிகிறது. முக்கால் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கண் தெரிகிறது, பார்வை இல்லை. தூங்கி எழுந்த மாதிரி இருக்கிறது.

தென்காசி செல்வி

கருவிழிக்குள் ஒரு வெளிச்சப் புள்ளி இருக்கும், உங்கள் மூலப் போட்டோவில் பாருங்கள். அது ஒரு கட்டத்தைவிடச் சின்னது என்பதால் சராசரியில் கரைந்துவிட்டது. மென்பொருள் அதைத் திரும்பக் கொண்டுவராது. அந்த ஒரு கட்டத்தை மட்டும் நீங்களே கையால் மாற்றுங்கள், நல்ல வெளிச்சமான போட்டோவாக. இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும், இல்லையென்றால் மாறுகண் மாதிரி ஆகிவிடும்.

வள்ளியூர் ஜெபா

இல்லையென்றால் கண், வாய்ப் பகுதிக்கு மட்டும் முக்காலில் பாதி அளவுக் கட்டம் போடலாம். மற்ற இடமெல்லாம் முக்கால். கண்ணுக்குப் பதினைந்து கட்டம் கிடைக்கும்.

பத்தமடை பாத்திமா

பாயில் அப்படிச் செய்தால் அந்த இடம் மட்டும் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். படத்தில் எப்படியோ.

தென்காசி செல்வி

நான் இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன். ஒன்று நன்றாக வந்தது, மற்றதில் கண்ணுக்கு மாஸ்க் கட்டிய மாதிரி ஒரு பட்டை தெரிந்தது. என்ன வித்தியாசம் என்று இன்னும் பிடிபடவில்லை. மாரிக்கு நாள் குறைவு, கையால் மாற்றுவதே போதும்.

கல்லிடை மாரி

கையால் மாற்றினேன். வலக் கண்ணில் தங்கச்சி மகள் வெள்ளைக் கவுனில் நிற்கிற படம், இடக் கண்ணில் வீட்டுக் குத்துவிளக்கு. அந்த இரண்டு கட்டத்துக்கே பார்வை வந்துவிட்டது. அதே சூட்டில் மூக்குத்திக் கட்டத்தையும் மாற்றிவிட்டேன். அங்கே மென்பொருள் ஏதோ ஒரு சுவரைப் போட்டிருந்தது. இப்போது தாத்தா, வெள்ளைச் சட்டையில், 1968இல் ஸ்டூடியோவில் எடுத்த படம்.

நேற்று சன்போர்டில் ஒட்டி வந்துவிட்டது. ஆச்சிக்கு இன்னும் காட்டவில்லை. அம்மா தார்சா வாசற்படியிலிருந்தே பார்த்துவிட்டு, கிட்டே போய் மூக்குத்தி இருக்கிற இடத்தில் விரலை வைத்தாள்.